முதல் பணம் எங்கிருந்து? கசிவுக் கருவிக் கணக்கோடு கேள்வி பதில்

கேள்வி: சார், நாங்கள் இருவர் சேர்ந்து, குழாயில் தண்ணீர் கசிந்தால் போனுக்குத் தகவல் அனுப்பும் கருவி செய்திருக்கிறோம். மாதிரி நன்றாக ஓடுகிறது. பெட்டியை வார்க்கும் அச்சுக்கும் தரச்சான்றுக்கும் 17 லட்சம் ஆகும், ஒரு கருவி செய்ய 1,800, விற்பனை விலை 4,000. 500 பேர் முன்பதிவு செய்தால் 20 லட்சம் வருகிறதே, இணையத்தில் பலரிடம் பணம் திரட்டும் கிரவுட்ஃபண்டிங்கில் அதையே இலக்காகப் போடலாமா?

பதில்: போடாதீர்கள். இலக்கை எட்டிவிட்டு மூழ்குவீர்கள். வரும் 4,000-இல் முதலில் தளத்தின் கமிஷனும் பணம் வாங்கித் தரும் நிறுவனத்தின் கட்டணமும் போகும். கிக்ஸ்டார்ட்டர் என்ற தளம் 5 சதவீதம் எடுக்கிறது, அதன்மேல் கார்டு கட்டணம் தனி. இரண்டும் சேர்த்து 9 சதவீதம், அதாவது 360 என்று வையுங்கள். கருவிக்கு 1,800. பேக்கிங்குக்கும் அனுப்புவதற்கும் 400. பழுதாகித் திரும்பி வருவதை மாற்றித் தர 200. மீதி 1,240. வரி இருந்தால் இன்னும் குறையும்.

அந்த 1,240-தான் 17 லட்சத்தைச் சுமக்க வேண்டும். 500 கருவிக்கு 6.2 லட்சம்தான் சேரும். 10.8 லட்சம் பள்ளம், கூடவே 500 பேருக்குப் பொருள் அனுப்பும் கடமை. 17 லட்சத்தை 1,240-ஆல் வகுத்தால் 1,371 கருவி. உங்கள் உண்மையான இலக்கு கிட்டத்தட்ட 55 லட்சம். அவ்வளவு பேர் வருவார்களா என்பதை, பக்கத்தைத் திறக்கும் முன்பே சிறு முன்பணம் கட்டிக் காத்திருப்பவர்களின் எண்ணிக்கையை வைத்துப் பாருங்கள். வெறும் மின்னஞ்சல் கொடுத்தவர்களை வாங்குபவர்களாக எண்ண வேண்டாம்.

பெரிய தொகை திரட்டுவதால் மட்டும் இந்தப் பள்ளம் மூடாது. 2014-இல் கூலஸ்ட் கூலர் என்ற ஐஸ்பெட்டி கிக்ஸ்டார்ட்டரில் 1.3 கோடி டாலருக்கு மேல் திரட்டியது. வாங்கிய விலையில் செய்து அனுப்பக் கட்டுப்படியாகவில்லை. பல ஆயிரம் பேருக்குப் பெட்டி போய்ச் சேராமலே 2019-இல் கடையைக் கட்டினார்கள்.

கேள்வி: எதற்கு இத்தனை சுற்று? பேங்க் கடன்தான் எல்லாவற்றிலும் மலிவு. வட்டியைக் கட்டினால் கம்பெனி முழுக்க நம்முடையது. பங்கைக் கொடுப்பவர்கள் கணக்குத் தெரியாதவர்கள்.

பதில்: பாதி சரி. நிறுவனம் நன்றாக வளர்ந்தால் கடன்தான் மலிவு, அதில் மறுப்பில்லை. ஆனால் விலை என்பது வட்டி மட்டும் இல்லை; எப்போது கட்ட வேண்டும், கட்ட முடியாவிட்டால் யார் வீடு போகும் என்பதும் அதில் சேர்த்தி. மேலே கேட்டவர் 20 லட்சத்தை 12 சதவீத வட்டியில் ஐந்து வருடத்துக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 44,500. தளக் கமிஷன் இல்லாமல் நேரடியாக விற்றால் கருவிக்கு 1,600 மிஞ்சும். மாதம் 28 கருவி விற்றால் தவணைக்குச் சரியாகப் போகும், சம்பளத்துக்கு ஒன்றும் இருக்காது. பேங்க் மேலாளர் தவணையைப் போல 1.25 மடங்காவது வரவு கேட்டால் 35 கருவி காட்ட வேண்டும். விற்பனையே தொடங்காதவர் எதைக் காட்டுவார்? அதனால்தான் சொத்துப் பிணையும் சொந்த ஜாமீனும் கேட்கிறார்கள். அச்சு ஆறு மாதம் தாமதமானால், சொந்தப் பணத்தைப் போட்டுப் பங்கு வாங்கும் ஏஞ்சல் முதலீட்டாளர் முகம் சுளிப்பார், அவ்வளவுதான். பேங்க் தவணை அந்த மாதமே வந்து நிற்கும்.

கடனுக்கு உரிய இடம் பின்னால் வருகிறது. ஒரு குடியிருப்புச் சங்கம் 300 கருவிக்கு எழுத்தில் ஆர்டர் கொடுத்து, பொருள் வந்து 60 நாளில் பணம் என்றால், அந்த இடைவெளியைக் கடனால் நிரப்புங்கள். அங்கே அது மிகச் சரியான பணம்.

கேள்வி: முதலில் கேட்டவன்தான் சார். ஒரு ஏஞ்சல் முதலீட்டாளர் 30 லட்சம் தருகிறேன் என்கிறார், 40 சதவீதம் கேட்கிறார். எங்களுக்கு வேறு ஆள் இல்லை.

பதில்: இன்று அவர் 40 எடுத்தால் உங்கள் இருவருக்கும் 60. அடுத்த முதலீட்டுச் சுற்றில், பிறர் பணத்தைத் திரட்டி வளரும் நிறுவனங்களில் போடும் வென்ச்சர் ஃபண்ட் 20 சதவீதமும், ஊழியர்களுக்கு ஒதுக்க 10 சதவீதமும் கேட்டால் உங்கள் 60 சுருங்கி 42 ஆகும், ஆளுக்கு 21. அதற்கும் அடுத்த சுற்றில் 17-க்குப் பக்கம் வந்துவிடும். இதைப் பார்க்கும் ஃபண்ட், நிறுவனர்களுக்கு இவ்வளவுதான் மிச்சமென்றால் பத்து வருடம் ஏன் உழைப்பார்கள் என்று யோசித்து விலகும். அதே 30 லட்சத்துக்கு 15 சதவீதம் என்றால், அந்த வென்ச்சர் ஃபண்ட் சுற்றுக்குப் பிறகும் 59.5 உங்களிடம் இருக்கும்.

ஆகவே தொகையைக் குறைத்துப் பேசுங்கள். எதை நிரூபிக்க இந்தப் பணம் என்று எழுதிக் காட்டுங்கள்: தரச்சான்று, முதல் 300 கருவி, ஆறு மாதத்தில் எத்தனை திரும்பி வந்தன என்ற எண்ணிக்கை. அதற்கு மட்டும் வாங்குங்கள். வேறு ஆள் இல்லை என்பது உண்மையாகவே இருந்தால் முடிவு உங்களுடையது. ஆனால் கையெழுத்துக்கு முன், அவர் பணம் போட்டுத் தோற்ற இரண்டு நிறுவனங்களின் நிறுவனர்களிடம் பேசிவிடுங்கள். வென்றவர்கள் எல்லாரும் அவரை நல்லவர் என்றுதான் சொல்வார்கள்.

கேள்வி: நான் ஒரு வி.ஆர். கண்ணாடிக்கு கிரவுட்ஃபண்டிங்கில் பணம் போட்டேன் அண்ணா. அந்தக் கம்பெனியை நாளை யாராவது வாங்கினால் என் பங்கு எவ்வளவு?

பதில்: நீங்கள் பொருளை முன்பணம் கொடுத்து வாங்கியிருந்தால் பங்கு கிடையாது தம்பி. ஆக்குலஸ் என்ற வி.ஆர். கண்ணாடி நிறுவனம் 2012-இல் கிக்ஸ்டார்ட்டரில் சுமார் 24 லட்சம் டாலர் திரட்டியது; 2014-இல் ஃபேஸ்புக் அதை 200 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது. ஆதரவாளர்களுக்கு அதில் பங்கில்லை, பலர் கோபப்பட்டார்கள். பங்கு தரும் கிரவுட்ஃபண்டிங் வேறு வகை, அதற்குச் சட்டமும் வேறு. உங்கள் ரசீதில் எது எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

கேள்வி: எங்களுக்கு நான்கு சலவைக் கடைகள், நான்கும் லாபம். வென்ச்சர் ஃபண்டுகள் எல்லாம் "நல்ல தொழில்" என்று பாராட்டிவிட்டு ஏன் போய்விடுகின்றன?

பதில்: அவர்கள் பொய் சொல்லவில்லை. 100 கோடி ஃபண்ட் ஒன்று கடைசியில் உங்களிடம் 15 சதவீதம் வைத்திருந்தால், அந்த ஒரு முதலீட்டில் முழு ஃபண்டும் திரும்பி வர, உங்கள் நிறுவனம் சுமார் 667 கோடிக்கு விற்க வேண்டும். போட்டதில் பெரும்பகுதி தோற்கும் என்று தெரிந்தே இறங்குகிறார்கள், அதனால் ஒவ்வொன்றிலும் அந்த வாய்ப்பைத் தேடுகிறார்கள். ஃபண்டின் ஆயுளும் பெரும்பாலும் பத்து வருடம்தான். ஐந்தாவது கடைக்கு உங்களிடம் நான்கு கடைகளின் கணக்குப் புத்தகம் இருக்கிறது. பேங்குக்குப் போங்கள், உங்களுக்கு வேண்டிய கதவு அதுதான்.

கேள்வி: ஒரு மாற்றுக் கருத்து சார். கசிவுக் கருவிக்காரர் சிறியதாக ஒரு கிரவுட்ஃபண்டிங் நடத்தி, 300 பேர் பணம் கட்டியதை ஏஞ்சலிடம் காட்டினால் நிறுவனத்தின் மதிப்பை இரண்டு மடங்காகப் பேசலாமே? ஏஞ்சலிடம் முதலில் போகச் சொல்வது தவறில்லையா?

பதில்: பணம் கட்டிய 300 பேர் பேரத்தில் பெரிய பலம், ஒப்புக்கொள்கிறேன். என் தயக்கம் அந்த 300 பேருக்கு அனுப்ப வேண்டிய கருவிகளைப் பற்றி. 3.7 லட்சம்தான் மிஞ்சும், அச்சுக்குப் போதாது. ஏஞ்சல் இழுத்தடித்தால் வாங்கியவர்கள் காத்திருப்பார்கள். அது தெரிந்த ஏஞ்சல் இன்னும் குறைத்துக் கேட்பார். அச்சே வேண்டாத பொருள், கடையில் கிடைக்கும் பெட்டியில் அடைத்து விற்கலாம் என்றால் நீங்கள் சொல்லும் வரிசைதான் நல்லது. இவருடைய கருவியை அப்படி அடைக்க முடியுமா?

முதலில் கேட்டவர்: தண்ணீர் புகாத பெட்டி ரெடிமேடாகக் கிடைக்கிறது சார், ஆனால் அளவில் கொஞ்சம் பெரியது. 100 கருவிக்கு முயன்று பார்க்கலாம் என்று இப்போதுதான் தோன்றுகிறது. தரச்சான்று அந்தப் பெட்டிக்கு ஒரு தடவை, அச்சுக்கு மறுபடி ஒரு தடவை வாங்க வேண்டியிருக்குமா?

பதில்: பரிசோதனைக் கூடத்தில் இரண்டு பெட்டியின் வரைபடத்தையும் காட்டி எழுத்தில் கேளுங்கள். உள்ளே இருக்கும் சர்க்யூட் மாறாவிட்டால் சில சோதனைகளை மறுபடி செய்யாமல் விடுவதுண்டு, தண்ணீர் புகாச் சோதனையை அப்படி விடமாட்டார்கள். அந்தப் பதில் வந்த பிறகு ஏஞ்சலிடம் பேசுங்கள். கேட்கும் தொகையே மாறக்கூடும்.