கொழுந்தனார் பணம் வேண்டாம், உங்கள் டெபாசிட்டே போதும்

ஆச்சி, மகளின் இங்கிலாந்து விசாவுக்கு ஆறு மாத ஸ்டேட்மென்ட் கேட்கிறார்கள், சேமிப்புக் கணக்கில் மூன்று லட்சம்தான் இருக்கிறது என்று தேவகோட்டையிலிருந்து எழுதியிருந்தீர்கள். மலேசியாவிலிருக்கும் கொழுந்தனார் பதினெட்டு லட்சம் போட்டுவைத்து, விசா வந்ததும் எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறாராம். அதை வாங்காதீர்கள். ஆறு மாதமாக மூன்று லட்சத்தைத் தாண்டாத கணக்கில் ஒரே நாளில் அவ்வளவு விழுந்தால், அது யார் பணம் என்ற கேள்வி எழும். எழாவிட்டாலும், விசா வந்த மறுவாரம் பணம் போய்விடும். பிள்ளை அங்கே எதை வைத்துச் சாப்பிடுவாள்? படிப்புக் காலத்தில் வாரத்துக்கு 20 மணி நேரத்துக்குமேல் வேலை பார்க்கவும் முடியாது.

உங்கள் பேரில் பன்னிரண்டு லட்சம் ஃபிக்சட் டெபாசிட் இருக்கிறதே! முதிர்வுக்கு முன் எடுக்க முடியுமானால் அதையும் காட்டலாம். அதன்மேல் கடன் வாங்கியிருந்தால் வங்கி லீன் போட்டு, எடுக்க முடியாதபடி பிடித்துவைத்திருக்கும்; அந்தத் தொகை உதவாது. முதலில் அதைப் பாருங்கள். பிறகு கிளை மேலாளருக்கு இப்படி எழுதுங்கள்:

“என் மகளின் மாணவர் விசாவுக்காக, என் சேமிப்புக் கணக்கு எண் …, டெபாசிட் எண் … ஆகியவற்றின் இன்றைய இருப்பை உறுதிசெய்து சான்றிதழ் தரவும். டெபாசிட் தொடங்கிய நாள், முதிர்வு நாள், லீன் இல்லை, முன்கூட்டியே எடுக்கலாம் என்ற விவரங்களும் அதில் வேண்டும். சேமிப்புக் கணக்கின் கடந்த ஆறு மாத ஸ்டேட்மென்டை, பக்கத்துக்குப் பக்கம் முத்திரையும் கையெழுத்தும் வைத்துத் தரவும். இரண்டும் ஆங்கிலத்தில், வங்கியின் லெட்டர்ஹெட்டில் தேவை.”

இதை இப்போதே கொடுக்காதீர்கள். காட்டும் தொகை தொடர்ந்து 28 நாள் குறையாமல் இருக்க வேண்டும். நடுவில் ஒரு நாள் குறைந்தாலும் நாள் கணக்கு முதலிலிருந்துதான். அந்த 28ஆம் நாளிலிருந்து 31 நாளுக்குள் விண்ணப்பம் போயாக வேண்டும். அதனால் 28 நாள் முடிந்தபின் கடிதம் கொடுங்கள். கணக்கு உங்கள் பேரில் என்பதால், மகளின் பிறப்புச் சான்றிதழும் உங்கள் சம்மதக் கடிதமும் கூடவே போகவேண்டும்.

பதினைந்து லட்சம் போதாதென்றால் மீதிக்கு மகள் பேரில் கல்விக்கடன் கேளுங்கள். வங்கியின் அனுமதிக் கடிதத்தையும் விசாவுக்கு ஏற்கிறார்கள். லண்டன் எம்.பி.ஏ. கொழுந்தனாரின் ஆசை. பிள்ளை கேட்பது வேதியியல் ஆய்வகம். லண்டனுக்கு வெளியே படித்தால் காட்டவேண்டிய வாழ்க்கைச் செலவும் குறையும். கடனை அடைக்கப்போவது அவள், படிப்பையும் அவளே சொல்லட்டும்.

பாஸ்புக்கில் உங்கள் பெயர் இனிஷியலோடு இருக்கும், மகளின் பிறப்புச் சான்றிதழில் முழுப்பெயராக இருக்கும். வங்கிச் சான்றிதழ் கைக்கு வந்ததும் கவுண்டரை விட்டு நகராமல் அதிலுள்ள உங்கள் பெயரையும் பிறப்புச் சான்றிதழில் உள்ளதையும் எழுத்தெழுத்தாக ஒத்துப் பாருங்கள். மாறியிருந்தால் அங்கேயே திருத்தி வாங்குங்கள்.