பெர்னூலி சமன்பாடு: அந்த (1 − n) எங்கே தொலைகிறது?

கேள்வி: x y′ + y = x²y², y(1) = 1/2. இதில் v = 1/y போட்டேன், தொகையீட்டுக் காரணி x என்று வந்தது. விடையில் 1/x என்று இருக்கிறது. எங்கே தப்பு? v = 1/y என்றுதான் போட வேண்டும் என்பதை எப்படித்தான் கண்டுபிடிப்பது?

பதில்:

தப்பு ஒரே ஒரு கழித்தல் குறியில்தான் இருக்கிறது. ஆனால் இரண்டாவது கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் முதல் தப்பு தானாகவே வராது. அதனால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

முதலில் x ஆல் வகுத்து y′ இன் கெழுவை 1 ஆக்கிக்கொள்ளுங்கள்:

y′ + y/x = x y²

வலப்பக்கம் இருக்கும் y² மட்டும் இல்லையென்றால் இது நேரியல் சமன்பாடு. அப்படியானால் அந்த y² ஐ அங்கிருந்து அகற்ற வேண்டும். வகுத்தே பார்க்கலாம்:

y′/y² + (1/x)(1/y) = x

இப்போது வலப்பக்கம் x மட்டும்தான். இடப்பக்கத்தில் இரண்டு உறுப்புகள். இரண்டாவதில் 1/y இருக்கிறது, முதலாவதில் y′/y² இருக்கிறது. 1/y ஐ வகையிட்டால் என்ன வரும்? சங்கிலி விதிப்படி −y′/y². அதாவது முதல் உறுப்பு, இரண்டாவது உறுப்பில் இருப்பதன் வகைக்கெழுவேதான், குறி மட்டும் மாறியிருக்கிறது. இதைப் பார்த்த பிறகு 1/y க்கு v என்று பெயர் வைப்பதைத் தவிர வேறு வழி தோன்றாது. மனப்பாடம் செய்ய இதில் எதுவும் இல்லை.

பொதுவாக y′ + P y = Q yⁿ என்ற பெர்னூலி வடிவம் இருந்தால் yⁿ ஆல் வகுக்கிறோம். P y என்ற உறுப்பு P y¹⁻ⁿ ஆகிறது. y¹⁻ⁿ ஐ வகையிட்டால் (1 − n) y⁻ⁿ y′. ஆகவே v = y¹⁻ⁿ என்று எடுத்தால் முதல் உறுப்பு v′/(1 − n). y³ இருந்தால் v = 1/y², பெருக்கும் எண் −2. n = 0, n = 1 இரண்டிலும் சமன்பாடு ஏற்கெனவே நேரியல்தான், இந்த வேலையே தேவையில்லை. ஜேக்கப் பெர்னூலி 1695 இல் இந்தச் சமன்பாட்டை முன்வைத்தார். இந்தப் பிரதியிடலால் அது நேரியலாகும் என்று லைப்னிட்ஸ் அடுத்த ஆண்டே காட்டினார். (பாய்மங்களுக்கான பெர்னூலி தத்துவம் வேறு. அது டானியல் பெர்னூலியுடையது. அவருக்கு ஜேக்கப் பெரியப்பா முறை.)

இனி உங்கள் கணக்கு. y′/y² இன் இடத்தில் −v′ வரவேண்டும்:

−v′ + v/x = x

இங்கேதான் நீங்கள் வழுக்கியிருக்கிறீர்கள். இந்த நிலையிலேயே v இன் கெழு 1/x என்று எடுத்தால் தொகையீட்டுக் காரணி x என்றுதான் வரும். ஆனால் e^(∫P dx) என்ற அந்தக் காரணிச் சூத்திரம் v′ + P v = Q என்ற வடிவத்துக்கு மட்டுமே பொருந்தும்; v′ இன் கெழு 1 ஆக இருந்தே ஆகவேண்டும். எனவே சமன்பாடு முழுவதையும் −1 ஆல் பெருக்குங்கள், வலப்பக்கத்தையும் சேர்த்து:

v′ − v/x = −x

இப்போது P = −1/x. தொகையீட்டுக் காரணி e^(−ln x) = 1/x. இதை −x என்று எழுதிவிடுகிறவர்களும் உண்டு. ln க்கு முன்னால் இருக்கும் −1 அடுக்காகத்தான் உள்ளே போகும் என்பதைக் கவனியுங்கள்.

இரு பக்கமும் 1/x ஆல் பெருக்கினால்:

v′/x − v/x² = −1

இடப்பக்கம் (v/x) இன் வகைக்கெழு. இதை நம்பி எழுதாமல் ஒருமுறை வகையிட்டுப் பாருங்கள். காரணி தப்பாக இருந்தால் இந்த இடத்திலேயே தெரிந்துவிடும். தொகையிட்டால்:

v/x = −x + C
v = Cx − x²

மாறிலி C யைத் தொகையிட்ட அதே வரியில் எழுதிவிட வேண்டும். பிறகுதான் x ஆல் பெருக்க வேண்டும், C யும் சேர்ந்து பெருக்கப்படும். x = 1 இல் y = 1/2, அதாவது v = 2. ஆகவே C − 1 = 2, C = 3.

y = 1/(3x − x²)

சரிபார்க்க நான் எப்போதும் சொல்லும் வழி ஒன்று உண்டு: தொடக்கப் புள்ளியில் சாய்வைப் பார்ப்பது. மூலச் சமன்பாட்டில் x = 1, y = 1/2 போட்டால் y′ = 1/4 − 1/2 = −1/4. நமது தீர்வை வகையிட்டாலும் x = 1 இல் −1/4 வருகிறது. குறியைத் தவறவிட்ட வழியில் போயிருந்தால் y = 3x/(x³ + 5) என்று கிடைத்திருக்கும். அது y(1) = 1/2 என்ற நிபந்தனையைக் கச்சிதமாக நிறைவேற்றுகிறது, ஆனால் சாய்வு +1/4. C யைக் கடைசியில் ஒட்டவைத்தால் வரும் 1/(3 − x²) உம் நிபந்தனைக்குப் பொருந்தும், சாய்வு 1/2. தொடக்க நிபந்தனையை மட்டும் போட்டுப் பார்த்தால் இந்த இரண்டு தப்பும் பிடிபடாது. அந்த நிபந்தனையை வைத்துத்தானே C யையே கண்டுபிடித்தோம்!

பெரும்பாலும் விடையோடு கணக்கை மூடிவிடுகிறார்கள். எனக்கு இந்தக் கணக்கில் மிகவும் பிடித்த பகுதி அதற்குப் பிறகுதான் வருகிறது. y = 1/(x(3 − x)) எந்த இடைவெளியில் செல்லும்? x = 0 இல் சிக்கல் வரும் என்பது சமன்பாட்டில் இருக்கும் y/x ஐப் பார்த்தாலே தெரியும். ஆனால் x = 3 எங்கிருந்து வந்தது? மூலச் சமன்பாட்டில் 3 என்ற எண்ணே கிடையாது. வளைகோட்டைப் பின்தொடர்ந்து பாருங்கள்: x = 1.5 இல் y இறங்கி 4/9 ஆகிறது, x = 2 இல் மறுபடி 1/2, x = 2.9 இல் சுமார் 3.4, x = 2.99 இல் 33 ஐத் தாண்டுகிறது. 3 ஐ நெருங்கும்போது முடிவிலிக்குப் போய்விடுகிறது. அதே நேரத்தில் v = 3x − x² க்கு x = 3 இல் ஒரு பிரச்சினையும் இல்லை; சுழியத்தைக் கடந்து சாதாரணமாகப் போய்க்கொண்டே இருக்கிறது. நேரியல் சமன்பாட்டில் கெழுக்கள் கெடும் இடத்தில் மட்டுமே தீர்வு கெடலாம். நேரியல் அல்லாத சமன்பாட்டில் அது தொடக்க மதிப்பைப் பொறுத்தது. v சுழியாகும் இடமே y வெடிக்கும் இடம். எனவே இந்தத் தீர்வு 0 < x < 3 என்ற இடைவெளிக்கு மட்டுமே. x = 4 இல் சூத்திரம் −1/4 என்று ஒரு எண்ணைத் தரும்; அது y(1) = 1/2 இல் தொடங்கிய தீர்வுக்குச் சொந்தமானதல்ல.

தொடக்க மதிப்பை y(1) = −1 என்று மாற்றிப் பாருங்கள். C = 0, y = −1/x². x > 0 முழுவதும் நிம்மதியாகச் செல்கிறது. சமன்பாடு அதேதான்.

இன்னொன்று. yⁿ ஆல் வகுத்தபோது y சுழி அல்ல என்று எடுத்துக்கொண்டோம். ஆனால் y = 0 ஐ மூலச் சமன்பாட்டில் போட்டால் அதுவும் பொருந்துகிறது. C க்கு எந்த எண்ணைக் கொடுத்தாலும் 1/(Cx − x²) சுழியாகாது. ஆகவே பொதுத் தீர்வு கேட்டால் y = 0 ஐத் தனியாக எழுத வேண்டும். n = 3 கணக்குகளில் கூடுதலாக, v = 1/y² இலிருந்து y க்குத் திரும்பும்போது ± வரும். எந்தக் குறி என்பதைத் தொடக்க மதிப்பின் குறியைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள்; இரண்டையும் எழுதி விட்டுவிடாதீர்கள்.