33 வயதில் கருமுட்டையை உறைய வைக்கலாமா?

கேள்வி: எனக்கு 33 வயது, மதுரையில் வேலை. வரன் இன்னும் அமையவில்லை. கருமுட்டையை உறைய வைக்கலாம் என்று தோழி சொல்கிறாள். எந்த வயதில் செய்வது நல்லது? ஹார்மோன் ஊசி என்றால் என்னென்ன போடுவார்கள்? பின்னாடி குழந்தை உண்டாக நிஜமாகவே எவ்வளவு வாய்ப்பு?

பதில்:

நான் மருத்துவர் இல்லை. மதுரையில் ஒரு கருத்தரிப்பு மையத்தின் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். எடுத்த முட்டையை மைக்ரோஸ்கோப்பில் பார்த்து உறைய வைப்பதும், பிறகு உருக்குவதும்தான் என் வேலை. அந்த இடத்திலிருந்து பார்த்ததைச் சொல்கிறேன்.

வயது விஷயத்தில் நீங்கள் சரியான நேரத்தில்தான் கேட்கிறீர்கள். 35-க்குள் செய்வது நல்லது. 25 வயதில் வந்து கேட்பவர்களிடம் பெரும்பாலும் அவசரம் வேண்டாம் என்போம், ஏனென்றால் அவர்களில் பலருக்கு அந்த முட்டை தேவையே படாது. 35-க்கு மேல், அதிலும் 38 தாண்டினால், முட்டையின் எண்ணிக்கையோடு தரமும் இறங்கிவிடும். தரம் என்றால் குரோமோசோம் சரியாக இருப்பது. வயது ஏற ஏற அதில் பிழை கூடும். அப்படிப்பட்ட முட்டையில் உருவாகும் கரு ஒட்டாது, ஒட்டினாலும் பெரும்பாலும் கலைந்துவிடும். 33-ல் உறைய வைத்த முட்டையை 40-ல் எடுத்தாலும் அது 33 வயது முட்டைதான்.

ஏஎம்எச் என்று ஒரு ரத்தப் பரிசோதனை எழுதித் தருவார்கள். கையிருப்பு எவ்வளவு, ஊசிக்கு எத்தனை முட்டை வரும் என்பதை அது ஓரளவு காட்டும். தரத்தைக் காட்டாது. ஏஎம்எச் நன்றாக இருக்கிறதே, இன்னும் நாலு வருடம் பார்க்கலாம் என்று தள்ளிப்போடுபவர்கள் இதைத்தான் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள்.

ஊசிக்கு வருவோம். மாதாமாதம் சினைப்பையில் ஒரு கூட்டம் முட்டைகள் வளரத் தொடங்கும். அதில் ஒன்று மட்டும் முழுதாக வளரும், மற்றவை அழிந்துவிடும். அழியப்போகிற அந்த முட்டைகளையும் சேர்த்து வளர்க்கத்தான் எஃப்எஸ்எச் ஊசி. அதனால் உங்கள் கையிருப்பு கரையாது, மாதவிடாய் சீக்கிரம் நிற்கவும் செய்யாது. வீட்டுப் பெரியவர்கள் முதலில் கேட்பது இதைத்தான்.

நடைமுறை எப்படி இருக்கும் என்பதற்கு, மேலூர்ப் பக்கத்திலிருந்து வந்த 34 வயது ஆசிரியை ஒருவரைச் சொல்கிறேன் (அடையாளம் தெரியாமல் இருக்கச் சிலவற்றை மாற்றியிருக்கிறேன்). மாதவிடாயின் இரண்டாம் நாள் ஸ்கேன். அன்று மாலையிலிருந்து தினமும் 225 யூனிட் ஊசி, தொப்புளுக்குக் கீழே தோலடியில். பேனா மாதிரி இருக்கும், அவரே போட்டுக்கொண்டார். ஆறாம் நாளிலிருந்து இன்னொரு ஊசி சேர்ந்தது. முட்டை முன்கூட்டியே வெடித்து வெளியேறாமல் தடுக்க அது. நடுவில் இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை ஸ்கேன். முட்டைப் பைகள் 17, 18 மில்லிமீட்டர் வந்ததும் கடைசி ஊசி. இது முட்டையை முதிர வைப்பது, இதில்தான் மணிக்கணக்கு முக்கியம். வியாழன் காலை 8 மணிக்கு முட்டை எடுக்க வேண்டுமென்றால் செவ்வாய் இரவு 8 மணிக்குப் போட வேண்டும், 36 மணி நேரம். சித்திரைத் திருவிழா சமயத்தில் தொடங்குவதாக இருந்தால் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அழகர் ஆற்றில் இறங்கும் அன்றைக்குக் கோரிப்பாளையம் பக்கம் ஆட்டோகூட வராது.

முட்டை எடுப்பது கொஞ்ச நேர வேலை. மயக்கம் கொடுத்து, பிறப்புறுப்பு வழியாக ஸ்கேன் கருவியோடு மெல்லிய ஊசியைச் செலுத்தி உறிஞ்சி எடுப்பார்கள். கல்யாணம் ஆகாதவர்கள் தயங்குவது இங்கேதான். முன்னால் எடுக்கும் ஸ்கேன்களை வேண்டுமானால் வயிற்றின் மேல் வைத்துப் பார்க்கச் சொல்லலாம், படம் அவ்வளவு தெளிவாக இருக்காது. ஆனால் முட்டை எடுக்க வழக்கமான வழி இதுதான். தயக்கம் இருந்தால் முதல் நாளே மருத்துவரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள்.

ஊசி நாட்களில் வயிறு உப்பும், அடிவயிறு கனக்கும், எரிச்சல் வரும். மாதவிடாய் வந்ததும் சரியாகிவிடும். சினைப்பை பெரிதாகியிருப்பதால் ஓட்டம், குதிப்பு வேண்டாம், முறுக்கிக்கொண்டால் ஆபத்து. பிசிஓஎஸ் இருப்பவர்களுக்கு முட்டை நிறைய வரும், கூடவே வயிற்றில் நீர் கோக்கும் அபாயமும் உண்டு. வயிறு விடுவிடுவென்று பெருத்தாலோ, ஒரே நாளில் எடை ஒரு கிலோ ஏறினாலோ, சிறுநீர் குறைந்தாலோ, மூச்சு வாங்கினாலோ, விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கடைசி ஊசியின் வகையை மாற்றி இந்த அபாயத்தைப் பெருமளவு குறைக்க முடியும். பிசிஓஎஸ் இருந்தால் அதைப் பற்றிக் கேளுங்கள்.

அந்த ஆசிரியைக்கு 11 முட்டை வந்தது. வீட்டுக்குப் போன் போட்டு "பதினொன்று" என்று அவர் சொல்லும்போது நான் உள்ளே இன்னும் எண்ணி முடிக்கவில்லை. முட்டையைச் சுற்றிப் பஞ்சு போல ஒட்டியிருக்கும் செல்களை நீக்கிவிட்டுப் பார்த்தால்தான் அது முதிர்ந்ததா என்று தெரியும். முதிர்ந்த முட்டையின் ஓரத்தில், உறைக்கு உள்ளே, சின்னதாக ஒரு குமிழ் ஒட்டியிருக்கும். அது இல்லாதவற்றால் பெரும்பாலும் பயனில்லை. 9-ல் குமிழ் இருந்தது, அந்த 9-ஐ உறைய வைத்தோம். மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இருக்கின்றன.

இனி கணக்கு. அந்த 9-ஐ உருக்கினால் ஏறக்குறைய 8 பிழைக்கும். ஒவ்வொன்றிலும் ஒரு விந்தணுவைச் செலுத்தினால் 5 அல்லது 6 கருவாகும். ஐந்தாம் நாள் வரை வளர்வது 2, அதிர்ஷ்டம் இருந்தால் 3. இந்த வயதில் அப்படி ஒரு கரு குழந்தையாகப் பிறக்க மூன்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்று வைத்துக்கொண்டால், இரண்டும் சேர்ந்து பாதிக்குக் கொஞ்சம் மேல். 2016-ல் ஸ்பெயினில் வந்த பெரிய ஆய்வும் இதை ஒட்டித்தான் சொல்கிறது. 35 வயதுக்குள் உறைய வைத்தவர்களுக்கு 10 முட்டையில் சுமார் 60 சதவீதம். 35 தாண்டியவர்களுக்கு அதே 10 முட்டையில் சுமார் 30. 2022-ல் நியூயார்க் மையம் ஒன்று வெளியிட்ட கணக்கில், உறைய வைத்தபோது சராசரி வயது 38. திரும்பி வந்து முட்டையைப் பயன்படுத்தியவர்களில் 39 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது.

ஆகவே "உறைய வச்சாச்சு, இனி கவலையில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். உங்கள் வயதில் 15 முதிர்ந்த முட்டை இருந்தால் எனக்குத் திருப்தி. ஒரே சுற்றில் அது பலருக்கு வராது. ஆசிரியை சில மாதம் கழித்து இரண்டாவது சுற்று வந்து இன்னும் 6 சேர்த்தார். மருந்துச் செலவும் அப்படியே இரட்டிப்பானது, அதையும் முதலிலேயே கணக்கில் வையுங்கள். வருடாவருடம் சேமிப்புக் கட்டணம் தனி.

உங்கள் கையெழுத்து மட்டும் போதும், தனியாக இருக்கும் பெண்ணுக்கும் கருத்தரிப்புச் சிகிச்சைக்கான 2021 சட்டம் இதை அனுமதிக்கிறது. அதே சட்டப்படி 50 வயதுக்கு மேல் இந்தச் சிகிச்சை கிடையாது. ஆனால் 40-களின் பிற்பகுதி வரை இழுக்காதீர்கள். முட்டைக்கு 33 வயது என்றாலும், சுமக்கும் உடம்புக்கு ரத்த அழுத்தமும் சர்க்கரையும் வரும் வயது அது.

மையத்தைத் தேர்ந்தெடுக்கும்போது எத்தனை பேருக்கு உறைய வைத்தீர்கள் என்று கேட்காதீர்கள். இங்கே எத்தனை பேருக்கு உருக்கினீர்கள், எத்தனை முட்டை பிழைத்தது, எத்தனை குழந்தை பிறந்தது என்று கேளுங்கள். பதில் மழுப்பலாக வந்தால் அடுத்த இடம் பாருங்கள். கிளம்பும்போது தரும் தாளில் எடுத்த எண்ணிக்கை மட்டும் எழுதியிருந்தால், உறைய வைத்த முதிர்ந்த முட்டை எத்தனை என்பதையும் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.