டோக்கி டோக்கி: காதலா, பயமா?

ஜப்பானியப் படக்கதையான மாங்காவில் வரும் 'டோக்கி டோக்கி' காதலுக்கான சொல்தானே? பேய்க் கதையிலும் ஏன் வருகிறது?

அது நெஞ்சு அடித்துக்கொள்ளும் சத்தம், அவ்வளவுதான். நம் 'படபட' மாதிரி. ஏன் அடிக்கிறது என்பதைப் படம்தான் சொல்லும். கன்னத்தில் சாய்கோடுகள் இருந்தால் வெட்கம். நெற்றியில் வியர்வைத் துளி இருந்தால் பதற்றம். இரட்டிக்காமல் ஒரே ஒரு 'டோக்கி', அதுவும் கடைசியில் சின்ன 'ட்சு' எழுத்தோடு வெட்டி நின்றால், அது திடுக்கிடல். அவன் திரும்பிப் பார்த்த அந்த ஒரு நொடி.

'வாகு வாகு'வோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். நாளைக்குச் சுற்றுலா என்றால் வாகு வாகு. அதில் பயம் கிடையாது. பரீட்சை முடிவுக்குக் காத்திருப்பவனுக்கு டோக்கி டோக்கிதான். அப்புறம், அடுத்தவர் ஆபத்தில் இருப்பதைப் பார்த்து நாம் பதறினால் 'ஹரா ஹரா'. எனக்குப் பிடித்தது 'ஷீன்'. அது நிசப்தத்தின் சத்தம்!