வேர் பழுப்பா இருக்கிறது அழுகலா, வெறும் கறையா?

கேள்வி: ஐயா, புதினா, கறிவேப்பிலை, கொத்தமல்லித் தண்டுகளைக் கண்ணாடி டம்ளர் தண்ணீரில் வைத்துப் பத்து நாளாச்சு. மூணோட படமும் அனுப்பியிருக்கேன். புதினா வேர் மேலே வெள்ளை, கீழே பழுப்பு, கொழகொழன்னு இருக்கு. மூணும் பிழைக்குமா?

பதில்: புதினா பிழைக்கும். படத்தில் மேல் கணுவிலிருந்து வந்திருக்கும் வேர்கள் வெள்ளையாக, நுனி வரை விறைப்பாகத் தெரிகின்றன. அடிக் கணுதான் கெட்டிருக்கிறது. அங்கே இரண்டு இலைகள் தண்ணீருக்குள் மூழ்கிக் கறுத்துக் கிடப்பதைப் பாருங்கள். அழுகும் இலையில் பாக்டீரியா பெருகி, தண்ணீரில் உள்ள ஆக்சிஜனைத் தீர்த்துவிடும். கொழகொழப்பும் அதனால் வருவதுதான்.

ஆனால் பழுப்பு நிறத்தை மட்டும் வைத்து அழுகல் என்று நான் சொல்லமாட்டேன். இலைச்சாறு இறங்கினாலும் வேரில் கறை ஏறும், மஞ்சள் விளக்கில் எடுத்த படத்தில் நல்ல வேரும் பழுப்பாகத் தெரியும். ஒரு வேரை இரு விரலால் பிடித்து மெல்ல இழுங்கள். மேல்தோல் உருவிக்கொண்டு வந்து நடுவில் நூல் போல மட்டும் மிஞ்சினால், அது அழுகல். இழுத்தும் விறைப்பாக நின்று, நாற்றமும் இல்லையென்றால் வெறும் கறை. டம்ளர் சுவரில் படிந்திருக்கும் பச்சை, வெளிச்சத்தில் வளர்ந்த பாசி. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம், கழுவினால் போதும்.

அழுகல்தான் என்றால், நல்ல கணுவுக்குக் கீழே சுத்தமான கத்தியால் வெட்டிவிடுங்கள். வேரை ஓடும் தண்ணீரில் அலசி, டம்ளரையும் தேய்த்துக் கழுவுங்கள். ஒன்றிரண்டு கணு மட்டும் மூழ்கும் அளவு தண்ணீர் விட்டு, அதில் இலை எதுவும் படாமல் வையுங்கள். தண்ணீரைத் தினமும் மாற்றுங்கள், டம்ளரைச் சுற்றித் துணியோ காகிதமோ கட்டுங்கள். வேர் 3 முதல் 5 செ.மீ. வந்ததும் மண்ணுக்கு மாற்றிவிடலாம். தண்ணீரில் வளர்ந்த வேர் மென்மையானது என்பதால், முதல் ஒரு வாரம் நிழலும் காயாத ஈரமும் வேண்டும்.

கறிவேப்பிலைத் தண்டில் தெரியும் வெள்ளைப் புள்ளிகளை வேர் முளை என்று நினைத்திருப்பீர்கள். பட்டையில் காற்றுப் போகும் சிறு துளைகள் தண்ணீரில் ஊறி அப்படி உப்பும். கறிவேப்பிலை தண்ணீரில் வேர் விடுவது மிக அபூர்வம், அதனால் காத்திருக்கச் சொல்ல எனக்கு மனமில்லை. நன்கு பழுத்த பழத்தின் சதையை நீக்கி விதையை உடனே ஊன்றுங்கள், நாளானால் முளைப்புத்திறன் போய்விடும். பெரிய செடி கிடைத்தால் அதன் வேரிலிருந்து கிளம்பும் கன்றைப் பிரித்தும் நடலாம்.

கொத்தமல்லியின் அடித்தண்டு கண்ணாடி போல ஊறிப்போய் நசுங்கியிருக்கிறது. அதை எறிந்துவிட்டு, தனியாவை இரண்டாக உடைத்து மண்ணில் தூவுங்கள். தண்டு தப்பித் தவறி வேர் விட்டாலும், முற்றிய செடியாக இருந்தால் இலை தராமல் பூவுக்குத்தான் போகும்.

புதினா வேரை இழுத்துப் பார்த்தபின் வெள்ளைக் காகிதத்தில் வைத்து, பகல் வெளிச்சத்தில் இன்னொரு படம் அனுப்புங்கள். எங்கே வெட்டுவது என்று குறித்துக் காட்டுகிறேன்.