500 டாலரில் எம்.எஸ். விண்ணப்பப் பட்டியல்

"அமெரிக்காவில் எம்.எஸ். படிக்க, விண்ணப்பக் கட்டணத்துக்கு 500 டாலர்தான் இருக்கிறது. சேஃப், டார்கெட், ரீச் எப்படிப் பிரிப்பது?"

அட்மிஷன் கிடைக்கும் வாய்ப்பை ரயில் டிக்கெட் போல நினைத்துக்கொள்ளுங்கள். சேஃப் என்பது கன்ஃபர்ம். டார்கெட், வெயிட்டிங் லிஸ்ட் 10. ரீச், வெயிட்டிங் லிஸ்ட் 150.

பல இடங்களில் கட்டணம் 75 முதல் 125 டாலர். ஆக, சுமார் ஐந்து விண்ணப்பம். நானாக இருந்தால் இரண்டு சேஃப், இரண்டு டார்கெட், ஒரே ஒரு ரீச். ஐந்தையும் ரீச்சாகப் போட்டால் வாய்ப்பு ஐந்து மடங்காகாது. ஆராய்ச்சி அனுபவம் இல்லையென்றால், அந்தக் குறை ஐந்து இடத்திலும் தெரியும்.

உங்கள் மதிப்பெண்ணைத் துறையில் சேர்ந்தவர்களின் சராசரியோடு ஒப்பிடுங்கள். பல்கலைக்கழகத்தின் மொத்தச் சேர்க்கை விகிதம் பெரும்பாலும் இளங்கலைக்கானது; உதவாது.

தரவரிசையில் கீழே இருந்தாலே சேஃப் என்று நினைக்கிறார்கள். மாணவர் விசாவுக்குப் பல்கலைக்கழகம் தரும் ஐ-20 படிவத்தை வாங்க முதல் ஆண்டுச் செலவுக்குப் பணம் காட்ட முடியாத இடம், அட்மிஷன் உறுதியானாலும் சேஃப் அல்ல.