லேப் திட்டத்தில் லைசென்ஸ் பக்கம்: டெல்டா வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி (மன்னார்குடி): மனைவி லேப் டெக்னீஷியன். பஸ் ஸ்டாண்ட் பக்கம் 600 சதுர அடி வாடகைக்குப் பேசியிருக்கிறோம். 10 லட்சம் கடனுக்குத் திட்ட அறிக்கை கொடுத்தோம். "அனுமதிகள் அனைத்தும் உரிய காலத்தில் பெறப்படும்" என்று எழுதியிருந்ததை மேனேஜர் அடிக்கோடிட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார். அதற்கு மேல் என்ன எழுத வேண்டும்?

பதில்: மேனேஜர் செய்தது சரி. அந்த ஒரு வரியில்தான் உங்கள் மூன்று மாத வாடகை ஒளிந்திருக்கிறது.

லைசென்ஸ் பட்டியலை அலுவலகங்களின் பெயர்களாக எழுதாதீர்கள். எந்தத் தாள் கைக்கு வந்தால் அடுத்த மனு போடலாம் என்ற வரிசையில் எழுதுங்கள். உங்களைப் போன்ற லேபுக்கு முதலில் வருவது கட்டடம். வாடகை ஒப்பந்தத்தில் "ரத்தப் பரிசோதனை நிலையம் நடத்த" என்றே இருக்கட்டும். சொத்து வரி ரசீதும் மின் இணைப்பும் வீட்டுக் கணக்கில் இருந்தால், வணிகக் கணக்குக்கு மாற்ற வீட்டுக்காரர் சம்மதிப்பாரா என்று அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள். வரி கூடும் என்பதால் பலர் அந்த இடத்தில்தான் பின்வாங்குகிறார்கள்.

அடுத்தது மருத்துவக் கழிவை எடுத்துச் செல்லும் பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஒப்பந்தம். அது கையில் இருந்தால்தான் மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தில் கழிவு அங்கீகாரத்துக்கான படிவம் 2 மனு நிற்கும். இதற்கிடையில் நகராட்சித் தொழில் உரிமத்தையும் தீயணைப்புத் துறை கேட்பதையும் முடித்துவிடலாம். கடைசியில், எல்லாத் தாளையும் சேர்த்து, மருத்துவம் மற்றும் ஊரக நலப் பணிகள் இணை இயக்குநரிடம் 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டப்படி பதிவு. நம் பக்கம் ஜே.டி. ஆபீஸ் என்றால் எல்லோருக்கும் தெரியும். 2010-ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தின் படிவத்தை வலையில் பார்த்து நிரப்பிக்கொண்டு வருபவர்கள் உண்டு. நமக்கு மாநிலச் சட்டம்தான்.

சிக்கல் இந்தக் கடைசிப் படியில் இருக்கிறது. ஆய்வுக்கு வருபவர் இடம் தயாராக இருப்பதைப் பார்க்க வேண்டும். மெஷினும் இருக்க வேண்டும். மெஷின் வாங்கினால் தவணை ஓட ஆரம்பித்துவிடும். உங்கள் கடனை 11 சதவீத வட்டி, ஐந்து ஆண்டு என்று வைத்தால் மாதத் தவணை ஏறக்குறைய 21,700 ரூபாய். வாடகை 9,000, ஒரு உதவியாளருக்குச் சம்பளம் 12,000 என்று வைத்துக்கொள்வோம். மாதம் 42,700. மூன்று மாதம் கதவு திறக்காமல் காத்திருந்தால் 1,28,100. உங்கள் திட்டத்தில் நடைமுறை மூலதனம் 1 லட்சம்தான். முதல் நோயாளி வருவதற்குள் கை காலி.

அதனால் வங்கியில் இரண்டு கேளுங்கள். ஒன்று, கடனை இரண்டு தடவையாக விடுவிப்பது: முதலில் கட்டட வேலைக்கு, மெஷினுக்கானது கழிவு மனு போட்ட பிறகு. இரண்டு, மூன்று மாதம் வட்டி மட்டும். முழுக் கடனுக்கே மாத வட்டி 9,200 அளவில்தான் வரும். அப்போது மூன்று மாதச் செலவு 90,600. இருக்கிற 1 லட்சத்துக்குள் அடங்கிவிடும். இந்தக் கணக்கை லைசென்ஸ் பக்கத்துக்குக் கீழேயே எழுதுங்கள். மேனேஜர் அடிக்கோடிட மாட்டார்.

இன்னொன்று, என் சொந்த அனுபவம். நான் முதன்முதலில் லேப் வைத்தபோது வாடகை ஒப்பந்தத்தில் பழைய கதவு எண், வரி ரசீதில் புதிய கதவு எண். போர்டில் "டயக்னாஸ்டிக்ஸ்", மனுவில் "கிளினிக்கல் லேப்". மனு திரும்பி வந்தது. ஒரு மாதம் போயிற்று. பழைய எண், புதிய எண் இரண்டும் எல்லாத் தாளிலும் இருக்கட்டும். பெயரை ஒருமுறை முடிவு செய்துவிட்டு, ஒரு புள்ளிகூட மாற்றாதீர்கள்.

கேள்வி (கும்பகோணம்): டி.எம்.எல்.டி. முடித்து 14 வருடம் வேலை பார்த்தவன். சொந்த லேபில் ரிப்போர்ட்டில் நானே கையெழுத்துப் போடலாமா?

பதில்: லேப் உங்களுடையதாக இருக்கலாம். பரிசோதனையை நீங்களே செய்யலாம். ரிப்போர்ட்டுக்கு மட்டும் நோயியலில் முதுகலை முடித்த, கவுன்சிலில் பதிவு பெற்ற மருத்துவர் கையெழுத்து வேண்டும். உச்ச நீதிமன்றம் 2017 டிசம்பரில், குஜராத் லேப்கள் தொடர்பான வழக்கில் அப்படித்தான் சொன்னது. 14 வருட அனுபவம் உள்ளவருக்கு இது கசக்கும் என்று தெரியும். ஆனால் திட்டத்தில் கசப்பை எழுத முடியாது, செலவைத்தான் எழுத முடியும்.

எப்படி எழுதுவது? மருத்துவரின் சம்மதக் கடிதம், பதிவுச் சான்று நகல், வாரத்தில் எந்த நாள் எத்தனை மணிக்கு வருவார், மாதம் எவ்வளவு. நாளும் நேரமும் முக்கியம். சில இடங்களில் ஒரே மருத்துவரின் ஸ்கேன் செய்த கையெழுத்து பத்து லேபில் ஓடுகிறது. அதைக் கண்டுபிடிப்பது சுலபம்: ரிப்போர்ட்டில் அச்சான நேரம் ராத்திரி 9.40 என்றால், அந்த நேரம் அவர் எங்கே இருந்தார் என்று ஒரு கேள்வி போதும். அப்படிக் கையெழுத்தைக் "கொடுத்துவிட்டுப் போகும்" மருத்துவரை மலிவு என்று நினைக்காதீர்கள். ஒரு தவறான ரிப்போர்ட்டில் மாட்டினால் பெயர் கெடுவது உங்கள் போர்டுக்குத்தான்.

கேள்வி (திருத்துறைப்பூண்டி): எங்கள் பகுதி பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம். லேப் வைக்கத் தனி அனுமதி வேண்டுமாம், உண்மையா?

பதில்: இல்லை. 2020-ஆம் ஆண்டுச் சட்டம் தடுப்பது எண்ணெய், இயற்கை எரிவாயு எடுப்பு, உலோக உருக்காலை, தோல் பதனிடுதல், கப்பல் உடைப்பு போன்றவற்றை. ரத்தம் எடுக்கும் அறைக்கு அங்கே வேலை இல்லை. நீங்கள் நஞ்சையில் புதிதாகக் கட்டப் போகிறீர்கள் என்றால் அது நில உபயோக மாற்றக் கேள்வி, அதைத் தனியாகப் பாருங்கள். கடைத்தெருவில் வாடகைக்கு எடுத்துவிடுவது நல்லது.

கேள்வி (மயிலாடுதுறை): ஒரு நாளைக்கு 15 பேர்தான் வருவார்கள். கழிவு ஒரு சின்னப் பை. பக்கத்து ஆஸ்பத்திரிப் பையோடு போட்டுவிடலாமா? அல்லது கொல்லையில் எரித்துவிட்டால்?

பதில்: இரண்டும் கூடாது. 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிகளில் அளவு ஒரு பொருட்டே இல்லை. ஒரு ஊசி போட்டாலும் நீங்கள் கழிவு உண்டாக்குபவர்தான். 75 கிலோமீட்டருக்குள் பொது நிலையத்தின் சேவை கிடைக்கிறது என்றால் சொந்தமாகச் சுத்திகரிக்கவும் அனுமதி இல்லை, எரிப்பதைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பதினைந்து பேருக்கு என்ன விழும் என்று பாருங்கள். ஊசிகள் வெள்ளை நிற, குத்தினாலும் துளைக்காத டப்பாவில். ஊசி கழற்றிய சிரிஞ்சும் பிளாஸ்டிக் டியூபும் சிவப்புப் பையில். ரத்தம் தோய்ந்த பஞ்சு மஞ்சளில். கண்ணாடி ஸ்லைடு நீலத்தில். கல்ச்சர் தட்டு போடுவதாக இருந்தால், அதை அங்கேயே ஆட்டோகிளேவில் போட்டுக் கிருமியைக் கொன்ற பிறகுதான் மஞ்சள் பை. ஆகவே கல்ச்சர் செய்ய ஆட்டோகிளேவ் செலவு சேரும். ஆரம்பத்தில் கல்ச்சரை வெளியே அனுப்பிவிடுங்கள் என்பது என் யோசனை.

எல்லோரும் தவறவிடுவது வேன் வரும் நாள். சுத்திகரிக்காத மஞ்சள் பைக் கழிவை 48 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது. ஆனால் சின்ன லேபுக்கு வேன் வாரம் ஒரு தடவை வரும் என்று வாய்ப்பேச்சில் சொல்வார்கள். ஐப்பசி மழையில் தெருவில் தண்ணீர் நின்றால் அதுவும் வராது. ஒப்பந்தத்தில் "ஒருநாள் விட்டு ஒருநாள்" என்று எழுதி வாங்குங்கள். வராத நாளைப் பதிவேட்டில் குறித்து, வாரியத்துக்குத் தகவல் கொடுத்து அதன் நகலை வையுங்கள். பையின் எடையும் தேதியும் எழுதிய பதிவேட்டை ஐந்து ஆண்டு வைத்திருக்க வேண்டும். வெள்ளம் வரும் ஊர் என்றால் தரையில் வேண்டாம், மேல் தட்டில்.

ஒரு நல்ல செய்தி: படுக்கை இல்லாத நிறுவனத்துக்கு வாரியத்தின் கழிவு அங்கீகாரம் ஒருமுறைதான். முழு மனு கொடுத்து 90 நாளில் பதில் வராவிட்டால் கிடைத்ததாகவே கொள்ளலாம் என்றும் விதி சொல்கிறது. அதற்குத் தேதியிட்ட ஒப்புகைச் சீட்டு முக்கியம், பத்திரப்படுத்துங்கள். ஆனால் ஆண்டறிக்கை, படிவம் 4, ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 30-க்குள். ஒருமுறை வாங்கியாயிற்று என்று பலர் இதை மறந்தே விடுகிறார்கள்.

கேள்வி (நாகப்பட்டினம்): என்.ஏ.பி.எல். இல்லாமல் திறக்கலாமா?

பதில்: தாராளமாக. அது லைசென்ஸ் இல்லை, விரும்பினால் வாங்கிக்கொள்ளும் தரச் சான்று. திட்டத்தில் இரண்டாம் ஆண்டுப் பக்கத்தில் எழுதுங்கள்; சின்ன லேபுக்கு நுழைவு நிலைத் திட்டமும் அவர்களிடம் உண்டு. முதல் ஆண்டிலேயே சான்று வருமானத்தைக் கூட்டும் என்று கணக்குக் காட்டாதீர்கள்.

கேள்வி (பட்டுக்கோட்டை): பின்னால் ஒரு எக்ஸ்ரே, ஒரு ஸ்கேன் சேர்க்கலாம் என்று யோசனை. இப்போதே மனுவில் போடலாமா?

பதில்: வேண்டாம். எக்ஸ்ரேவுக்கு அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் இணையதளத்தில் தனி உரிமம். அல்ட்ராசவுண்டுக்கு கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் சட்டப்படி தனிப் பதிவு; ஒவ்வொரு கர்ப்பிணிக்கும் படிவம் எஃப் நிரப்ப வேண்டும், பதிவு இல்லாமல் மெஷின் அறையில் இருந்தாலே வழக்கு. இரண்டையும் இப்போதே எழுதினால் உங்கள் ரத்த லேப் அவற்றுக்காகக் காத்திருக்கும். எக்ஸ்ரே அறைக்கு வேண்டிய சுவர்க் கனத்தை மட்டும் கட்டட வரைபடம் போடும்போதே இன்ஜினியரிடம் சொல்லி வையுங்கள். சுவரை இடித்துக் கட்டுவது மனுவைவிடச் செலவு.

கேள்வி (திருவாரூர்): லைசென்ஸ் எல்லாம் வந்துவிட்டது. இனி எந்தத் தாளும் இல்லையே?

பதில்: திறந்த நாளிலிருந்து வருபவை உண்டு. காசநோய் உறுதியானால் நிக்ஷய் தளத்தில் தெரிவிக்க வேண்டும். 2018 அறிவிக்கை லேப்களையும் சேர்த்தே சொல்கிறது. எச்.ஐ.வி. பரிசோதனைக்கு, 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி, நோயாளியின் சம்மதமும் முன்னும் பின்னும் ஆலோசனையும் வேண்டும், முடிவை ரகசியமாக வைக்க வேண்டும். அறுவை சிகிச்சைக்கு முன் "எல்லாத்தையும் எடுத்துடுங்க" என்று நர்சிங் ஹோமிலிருந்து ஒரு சீட்டு வரும், அதில் சம்மதம் இருக்காது. ஒரு சம்மதப் படிவத்தைத் தமிழில் அச்சடித்து ரத்தம் எடுக்கும் மேஜையில் வையுங்கள். கையெழுத்துப் போடத் தெரியாதவருக்கு மை டப்பாவும் பக்கத்திலேயே இருக்கட்டும்.